படிவம் 6-ஆ, படிவம் 8-ஆ? தாம்பரம் வட்டாரக் குடும்பங்கள் வரைவுப் பட்டியலைப் பார்த்த பின் செய்ய வேண்டியவை

சிறப்பு தீவிர திருத்தத்துக்குப் (எஸ்.ஐ.ஆர்.) பிந்தைய வரைவு வாக்காளர் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வெளியானது. தமிழகம் முழுவதும் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை அந்த வரைவில் 5.43 கோடியாகக் குறைந்தது. நீக்கப்பட்ட 97 லட்சத்துக்கும் அதிகமான பெயர்களில் ஏறத்தாழ 27 லட்சம் இறந்தவர்களுடையவை. சுமார் 66 லட்சம் பெயர்கள் ‘இடம் பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்’ என்ற கணக்கில் நீக்கப்பட்டுள்ளன. தாம்பரம், பல்லாவரம், சோழிங்கநல்லூர் தொகுதிகள் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் சுமார் 7 லட்சம் பெயர்கள் போயிருக்கின்றன.

இதற்கான காரணம் நம் வட்டாரத்தில் வாழ்கிற எவருக்கும் எளிதில் புரியும். பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் என்று நம்மில் பலர் வாடகை வீடுகளில் இருக்கிறோம். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த தெருவுக்கோ அடுத்த ஊருக்கோ போகிறோம். எரிவாயு இணைப்பையும் பிள்ளைகளின் பள்ளியையும் மாற்றுகிற நாம், வாக்காளர் முகவரியை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். கணக்கெடுப்புப் படிவத்துடன் பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் அந்தப் பழைய வீட்டுக் கதவைத் தட்டியபோது அங்கே வேறு குடும்பம் இருந்தது.

பெயர் சேர்க்கவும் திருத்தவும் முதலில் 2026 ஜனவரி 18 வரை அவகாசம் அறிவிக்கப்பட்டது. தேர்தல் அலுவலகங்களின் அறிவிப்புகளும் சமூக ஊடகப் பதிவுகளும் தொடர்ந்து வருகின்றன. அவற்றோடு, நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புநர் யாரென்று தெரியாத எச்சரிக்கைச் செய்திகளும் சுற்றுகின்றன. எதைப் பகிர்வது, எப்படி எழுதிப் பகிர்வது என்பதில்தான் இப்போது நம் கவனம் இருக்க வேண்டும்.

நல்ல தேர்தல் அறிவிப்பு ஒன்றில் மூன்று விஷயங்களே இருக்கும்: யார், எந்தப் படிவம், எந்தத் தேதிக்குள் எங்கே. அது எந்தக் கட்சியையும் சமுதாயத்தையும் பெயர் சொல்லி அழைக்காது, யாரையும் குறை சொல்லாது. பம்மலில் இருக்கும் பாத்திமாவும் அடுத்த வீட்டுப் பார்வதியும் அதே வரியைப் படித்து அதே படிவத்தை எடுக்க முடியும். குழுக்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. ‘பெயர் இல்லையென்றால் குடியுரிமையே போய்விடும்’ என்று தொடங்கி, ‘உடனே அனைவருக்கும் பகிருங்கள்’ என்று முடிகின்றன. படித்தவருக்கு நடுக்கம் வருகிறதே தவிர, காலையில் எழுந்து எந்தத் தாளை எடுக்க வேண்டும் என்பது தெரிவதில்லை. வரைவுப் பட்டியலில் பெயர் விடுபட்டது யாருடைய குடியுரிமையைப் பற்றிய தீர்ப்பும் அல்ல. இறப்பு, இடமாற்றம், இரட்டைப் பதிவு போன்றவையே நீக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள்.

அலுவலக அறிவிப்புகளிலும் ஒரு குறை இருக்கிறது. சுருக்கம் கருதி ‘பெயர் சேர்க்க படிவம் 6’ என்ற ஒற்றை வரியோடு அவை நின்றுவிடும்போது, வீடு மாறியவர்கள் எல்லோரும் படிவம் 6-ஐ எடுத்துவிடுகிறார்கள். 2022 ஆகஸ்ட் 1-க்கு முன்பு வேறு தொகுதிக்குக் குடிபோனவர்கள் படிவம் 6-தான் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் பலருக்கு இன்னும் மாறவில்லை. இப்போதைய விதிப்படி, பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ளவர் எங்கே குடிபோனாலும் படிவம் 8-தான். அதே தொகுதிக்குள்ளா, வேறு தொகுதிக்கா என்று அந்தப் படிவத்திலேயே குறித்துவிடலாம். எங்கும் பெயர் இல்லாதவருக்கு மட்டுமே படிவம் 6.

இது வெறும் எண் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. படிவம் 6-ல் கையெழுத்திடுகிறவர், தன் பெயர் வேறு எந்தத் தொகுதியின் பட்டியலிலும் இல்லை என்று உறுதி கூறுகிறார். பம்மலில் பெயரை வைத்துக்கொண்டு சேலையூரில் படிவம் 6 கொடுத்தால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும். இரண்டு இடத்தில் பெயர் இருப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. தெரிந்தே பொய்யான உறுதிமொழி தந்தால், 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

தாம்பரம் மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாநகராட்சி ஒன்றாக இருந்தாலும் சட்டமன்றத் தொகுதி ஒன்றல்ல. பல்லாவரம், பம்மல் பகுதிகள் 30-ஆம் எண் பல்லாவரம் தொகுதியில் வருகின்றன. தாம்பரம், சேலையூர் பகுதிகள் 31-ஆம் எண் தாம்பரம் தொகுதியில் வருகின்றன. ‘ஒரே மாநகராட்சிக்குள்தானே மாறினோம்’ என்று நினைத்து, ‘தொகுதிக்குள் இடமாற்றம்’ என்று குறித்துவிடக் கூடாது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துப் பார்ப்போம். சென்ற ஜூன் மாதம் பம்மலிலிருந்து சேலையூருக்குக் குடிவந்தவர்கள். கணவருக்கு 48 வயது, மனைவிக்கு 43, மகளுக்குச் சென்ற நவம்பரில் 18 முடிந்தது. கணவரின் தாயார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மவுத்தாகிவிட்டார். பம்மலில் இருக்கும் தம்பி, அண்ணனின் கணக்கெடுப்புப் படிவத்தை மட்டும் வாங்கி நிரப்பிக் கொடுத்தார். ஆகவே கணவரின் பெயர் பம்மல் முகவரியில் இருக்கிறது. மனைவியின் பெயர் இடம் பெயர்ந்தவர் என்று நீக்கப்பட்டுவிட்டது. தாயாரின் பெயர் இன்னும் பட்டியலில் உள்ளது.

கணவர் கொடுக்க வேண்டியது படிவம் 8, ‘தொகுதிக்கு வெளியே இடமாற்றம்’. மனைவிக்குப் படிவம் 6, அதனுடன் இந்தத் திருத்தத்துக்கென்று தரப்படும் உறுதிமொழிப் படிவம். மகளுக்கும் அதேதான், 2026 ஜனவரி 1 அன்று 18 வயது நிறைந்திருப்பதால் அவர் இப்போதே சேரலாம். தாயாரின் பெயரை நீக்க, மகன் படிவம் 7 கொடுக்க வேண்டும். ஒரே வீட்டுக்கு மூன்று வகைப் படிவங்கள். ‘எல்லோரும் படிவம் 6 கொடுங்கள்’ என்ற செய்தி இந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சரி, இரண்டு பேருக்குத் தவறு.

அந்த உறுதிமொழிப் படிவம்தான் பலரைத் திணறவைக்கிறது. கடைசியாகத் தீவிர திருத்தம் நடந்தபோது வெளியான பட்டியலில் தன் பெயரோ, பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்பதை அதில் எழுத வேண்டும். தமிழகத்தில் அது தொகுதியைப் பொறுத்து 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியல். அந்தப் பட்டியலில் பல்லாவரம் என்றோ சோழிங்கநல்லூர் என்றோ தொகுதியைத் தேடினால் கிடைக்காது. அவை இரண்டும் 2008 மறுவரையறையில் உருவானவை. சோழிங்கநல்லூர்ப் பகுதிகளை அன்றைய தாம்பரம் தொகுதியில் தேட வேண்டும். நம் உதாரணக் குடும்பத்தின் மனைவி அப்போது திருமணமாகாமல் கீழக்கரையில் இருந்திருந்தால், அவர் பெயர் கணவர் வீட்டில் அல்ல, அந்த ஊர்ப் பட்டியலில் தந்தையின் பெயரோடு இருக்கும். மகளுக்குத் தந்தையின் பழைய பதிவு விவரத்தை எழுதினால் போதும்.

தேடும்போது நம் பெயர்களின் எழுத்தும் தடையாக நிற்கும். முஹம்மது, முகமது, முகம்மது என்று ஒரே பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். பேகம், பீவி, பானு என்பவை ஒரு பட்டியலில் சேர்ந்தும் இன்னொன்றில் விடுபட்டும் இருக்கும். பெயரைத் தட்டித் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். நடப்புப் பட்டியலில் வாக்காளர் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடுவதே நம்பகமானது. பழைய பட்டியலில், அன்று குடியிருந்த தெருவின் பாகத்தை எடுத்து வீட்டு எண், உறவினர் பெயர் ஆகியவற்றை வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய பதிவு எங்குமே கிடைக்காதவர்கள் ஆவணம் காட்ட வேண்டிவரும். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் போன்றவை ஏற்கப்படுகின்றன. ஆதார் அடையாளத்துக்கான ஆவணம் மட்டுமே. குடும்ப அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. வரைவுப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கும்கூட, பழைய பட்டியலோடு தொடர்பு காட்டப்படவில்லை என்றால் வாக்காளர் பதிவு அலுவலரிடமிருந்து விசாரணை அறிவிப்பு வரலாம். ‘பெயர் இருக்கிறதே’ என்று அதைப் புறக்கணித்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் சுருக்கி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் குழுக்களிலும் போடத்தக்க வாசகம் ஒன்றைக் கீழே தருகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பகிரலாம்.

வாக்காளர் பட்டியல்: செய்ய வேண்டியவை

1. வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு voters.eci.gov.in தளத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். இணைய வசதி இல்லாதவர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் உள்ள பட்டியலில் பாருங்கள்.

2. பெயர் இல்லாதவர்கள், 1.1.2026 அன்று 18 வயது நிறைந்த புதியவர்கள்: படிவம் 6, உறுதிமொழிப் படிவம்.

3. பெயர் உள்ளது, வீடு மாறிவிட்டது அல்லது பெயரில் பிழை உள்ளது: படிவம் 8.

4. இறந்தவரின் பெயர் உள்ளது: படிவம் 7.

5. இணையத்திலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கொடுத்து, ஒப்புகைச் சீட்டு அல்லது குறிப்பு எண்ணைப் பெறுங்கள். சந்தேகங்களுக்கு 1950.

இதில் ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள். ஒப்புகை இல்லாமல் கொடுத்த படிவம் என்ன ஆனது என்று பின்னர் யாரிடமும் கேட்க முடியாது. குறிப்பு எண் இருந்தால் விண்ணப்பத்தின் நிலையை அந்தத் தளத்திலேயே பார்க்கலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் தீராவிட்டால், அவரது ஆணையிலிருந்து 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியை அணுகலாம்.

உதவ முன்வரும் ஜமாஅத் இளைஞர்களுக்கு ஒரு குறிப்பு. நூறு வீட்டுப் படிவங்களை மொத்தமாகச் சேகரித்து அலுவலகத்தில் கொடுப்பதைத் தேர்தல் ஆணையத்தின் விதிமுறை ஏற்பதில்லை. ஒரு குடும்பத்தின் படிவங்களை அக்குடும்பத்தில் ஒருவர் கொடுக்கலாம். கட்சிகளின் வாக்குச்சாவடி முகவர்களுக்குக்கூட நாளொன்றுக்கு இத்தனை என்று வரம்பு உண்டு. எனவே படிவங்களைச் சேகரிப்பதற்குப் பதிலாக, ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போட்டு, வருகிறவரின் அட்டை எண்ணைத் தேடிப் பார்த்து, அவர் கையில் சரியான படிவத்தைக் கொடுங்கள். அக்கம்பக்கத்தில் யார் வந்து கேட்டாலும் அதே உதவியைச் செய்யுங்கள்.

ஜனவரி 18-ஐத் தவறவிட்டவர்களுக்கும் கதவு மூடிவிடாது. 2026 பிப்ரவரி 17 அன்று இறுதிப் பட்டியல் வெளியாகும் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. அதன் பின்னும் தொடர் திருத்தத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து, வேட்புமனு தாக்கல் செய்வதற்கான கடைசி நாள் கடந்துவிட்டால், அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் சேராது. கையில் வாக்காளர் அட்டை இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது.