ஸ்டாக் எழுதும் தம்பியின் பாஸ்வேர்டு



ஈரோட்டில் நூல் வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கடையில் சரக்கு வரவு எழுதும் தம்பியின் மெயில் பாஸ்வேர்டு திருடு போய்விட்டதாம். கூரியர் கம்பெனி அனுப்பியதுபோல வந்த ஒரு போலி மெயிலை நம்பி அந்தத் தம்பியே அடித்துக் கொடுத்துவிட்டார். "ஸ்டாக் பதிவதைத் தவிர அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பேங்க் பக்கமே போக முடியாது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இதோடு விட்டுவிடலாம்தானே?" என்று கேட்கிறார்.

அந்தத் தம்பிக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவருடைய கணினியில் உட்கார்ந்தால் எதுவரை போய்வரலாம் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாதுகாப்புத் துறையில் இதை பிளாஸ்ட் ரேடியஸ் என்கிறார்கள். ஒரு கணக்கு திருடன் கையில் சிக்கினால் சேதம் எவ்வளவு தூரம் பரவும் என்கிற அளவு அது. நாம் சேத வட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைத் தொடர் இருக்கிறது. 2013 நவம்பர், டிசம்பரில், பண்டிகைக்கால வியாபாரம் உச்சத்தில் இருந்தபோது, அதன் கல்லா இயந்திரங்களில் தேய்த்த சுமார் 4 கோடி டெபிட், கிரெடிட் கார்டுகளின் விவரம் களவு போனது. 7 கோடிப் பேரின் பெயர், முகவரி, போன் நம்பர் போன்றவையும் போயின. திருடர்கள் உள்ளே வந்தது டார்கெட் ஊழியர் யாருடைய கணக்கிலும் இல்லை. பென்சில்வேனியாவில் குளிர்பதன வேலை எடுத்துச் செய்யும் ஒரு சிறு நிறுவனத்துக்கு டார்கெட் கொடுத்திருந்த லாகினில்தான் வந்தார்கள். பில் அனுப்ப, ஒப்பந்தக் காகிதம் சமர்ப்பிக்க, வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பதிவு செய்ய, இவ்வளவுக்குத்தான் அந்த லாகின். கார்டு விவரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சம்பந்தம் இல்லாதது காகிதத்தில் மட்டும்தான். உள்ளே வந்தவர்கள் நகர்ந்து நகர்ந்து கல்லா வரை போனார்கள். கார்டைத் தேய்க்கும் அந்தக் கணத்தில், இயந்திரத்தின் நினைவகத்தில் எண் மறைக்கப்படாமல் இருக்கும். அதை எடுத்துக்கொள்ளும் நிரலைக் கல்லாக்களில் பரப்பினார்கள். டார்கெட்டின் கண்காணிப்புக் கருவி நவம்பர் கடைசியிலேயே எச்சரித்திருந்தது, யாரும் அதைத் தொடரவில்லை. இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த எச்சரிக்கையைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. திருட்டு தெரிந்த பிறகு, டார்கெட் தன் பிணையத்தைச் சோதிக்க வெளி நிபுணர்களை அமர்த்தியது. அவர்களின் அறிக்கை 2015-ல் பத்திரிகையாளர் ஒருவர் வழியாக வெளியே வந்தது. ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் எந்த இயந்திரத்துக்கும் போகலாம், தடுக்க எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. ஒரு கிளையில் இறைச்சி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசைக் கைப்பற்றி, அங்கிருந்தே இன்னொரு கிளையின் கல்லாவோடு அவர்களால் நேரடியாகப் பேச முடிந்திருக்கிறது.

தராசுக்கும் பக்கத்து ஊர்க் கல்லாவுக்கும் என்ன பேச்சு? இந்தக் கேள்வியை முன்னாலேயே யாராவது கேட்டிருந்தால் பில் போடும் லாகினோடு விஷயம் முடிந்திருக்கலாம். டார்கெட்டின் தொழில்நுட்பத் தலைவர் 2014 மார்ச்சில் பதவி விலகினார். மே மாதம் தலைமை அதிகாரியும் போனார். 2017-ல் மாநில அரசுகளோடு செய்துகொண்ட உடன்பாட்டுக்கு மட்டும் 1 கோடியே 85 லட்சம் டாலர்.

இனி ஈரோட்டுக் கடைக்கு வருகிறேன். அவர் கடையின் உள்விவரம் எனக்குத் தெரியாது, அதனால் அதேபோன்ற ஒரு கடையைக் கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். 6 கணினி, டேலி ஓடும் ஒரு சர்வர், எல்லோரும் ஃபைல் போடும் ஒரு பொது ஃபோல்டர், பேக்கப்புக்கு சர்வரில் செருகிய ஒரு ஹார்ட் டிஸ்க். நம் ஊரில் பல கடைகள் இப்படித்தான். அந்தத் தம்பி போலி மெயிலில் பாஸ்வேர்டு மட்டும் கொடுக்கவில்லை, கூடவே வந்த இணைப்பையும் திறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதாவது திருடனின் நிரல் இப்போது அவர் கணினியில் ஓடுகிறது.

அந்த நிரலுக்குத் தனியாக ஒரு சக்தியும் இல்லை. தம்பி என்னென்ன செய்யலாமோ அதெல்லாம் அதுவும் செய்யலாம். தம்பியின் விண்டோஸ் லாகின் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு இருக்கிறது. அவர் கேட்டு வாங்கியதில்லை அது. பிரிண்டர் டிரைவர் போடும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்டுத் தொல்லை செய்கிறது என்று கணினி கொடுத்தவரே மாற்றிவிட்டுப் போயிருப்பார். அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இருந்தால் அந்தக் கணினிக்குள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளின் அச்சுகளை எடுக்க முடியும். பாஸ்வேர்டு என்னவென்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அச்சைக் காட்டியே பக்கத்துக் கணினிக்குள் நுழையலாம். 6 கணினியையும் ஒரே நாளில் தயார் செய்து கொடுத்தவர், எல்லாவற்றுக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தால், ஒன்று திறந்தது ஆறும் திறக்கும்.

சர்வர் மட்டும் வேறு பாஸ்வேர்டு, அதனால் அங்கே நிற்குமா? போன வாரம் பிரிண்டர் சரி செய்ய வந்த இன்ஜினியர், இந்தத் தம்பியின் கணினியில் சர்வர் அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினைப் போட்டு வேலை பார்த்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் யூசரை மாற்றி விட்டுக் கிளம்பியிருக்கிறார். அதற்குப் பிறகு கணினியை யாரும் அணைக்கவில்லை, அதனால் அந்த லாகினின் தடயம் நினைவகத்தில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு திருடன் சர்வருக்குப் போகிறான். டேலி டேட்டா, பொது ஃபோல்டர், எப்போதும் செருகியே இருக்கும் அந்த பேக்கப் டிஸ்க், மூன்றையும் சனிக்கிழமை ராத்திரி பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ஒரு சீட்டை விட்டுப்போகிறான். திங்கள்கிழமை காலையில் யார் எவ்வளவு பாக்கி என்றுகூடக் கடைக்காரருக்குத் தெரியாது.

அதே கடை, அதே தம்பி, அதே மெயில். ஆனால் நான்கு விஷயங்கள் மாறியிருக்கின்றன என்று பாருங்கள். தம்பியின் லாகின் சாதாரண யூசர். ஒவ்வொரு கணினிக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வேறு வேறு. கணினிகள் சர்வரோடு பேசலாம், தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாதபடி விண்டோஸ் ஃபயர்வாலிலேயே தடுத்திருக்கிறார்கள். பேக்கப் டிஸ்க்குகள் இரண்டு, மாற்றி மாற்றிப் போடுவதால் ஒன்று எப்போதும் கழற்றி அலமாரியில் இருக்கும்.

இப்போது நிரல் ஓடுகிறது. பாஸ்வேர்டு அச்சை எடுக்க உரிமை இல்லை. பக்கத்துக் கணினியைத் தட்டுகிறது, பதில் இல்லை. சர்வரில் தெரிந்த பெயர்களைப் போட்டுப் பார்க்கிறது, ஒவ்வொரு தோல்வியும் விண்டோஸ் பதிவேட்டில் 4625 என்ற எண்ணோடு விழுகிறது. முதல் கடையில் எல்லாக் கதவும் திறந்ததால் பதிவேட்டில் ஒழுங்கான வருகைகள்தான் இருந்தன. இங்கே ஒரு ஸ்டாக் கிளார்க்கின் கணினியிலிருந்து நள்ளிரவில் வரிசையாக நாற்பது, ஐம்பது தோல்விகள். யாராவது பார்த்தால் உடனே உறுத்தும். பார்க்காவிட்டாலும், போனது தம்பியின் கணினியும் அவர் எழுத உரிமையுள்ள ஸ்டாக் ஃபோல்டரும்தான். அலமாரியில் உள்ள டிஸ்க்கிலிருந்து ஃபோல்டரைத் திரும்ப எடுத்து, கணினியைச் சுத்தமாக அழித்து மறுபடி விண்டோஸ் போட்டால் ஒரு நாள் வேலை.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. தம்பியின் மெயில் பெட்டி திருடன் கையில் இருந்தது. எந்த மில்லிலிருந்து எவ்வளவு சரக்கு வருகிறது, யாருக்குப் பணம் போக வேண்டும் என்பதெல்லாம் அவன் படித்திருப்பான். "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது" என்று மில் எழுதுவதுபோல ஒரு மெயில் அடுத்த மாதம் வந்தால், அதன் விதை இங்கே விழுந்ததாக இருக்கலாம். ஈரோட்டு வாசகர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டதோடு நிம்மதியாக இருக்கிறார். மெயில் செட்டிங்ஸில் ஃபார்வர்டிங், ஃபில்டர் அல்லது ரூல்ஸ் என்ற இடங்களைத் திறந்து பார்க்கச் சொல்வேன். 'இன்வாய்ஸ்' என்று வருகிற மெயிலையெல்லாம் வெளியே ஒரு முகவரிக்கு நகல் அனுப்பும்படி திருடன் அங்கே விதி எழுதி வைத்திருந்தால், பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் நகல் போய்க்கொண்டேதான் இருக்கும். எல்லாக் கருவிகளிலிருந்தும் சைன் அவுட் செய்வதும் தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் கடையின் சேத வட்டத்தை அளக்க நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடையில் குறைந்த அதிகாரம் உள்ளவர் யாரோ அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய லாகினில், அவருடைய கணினியில் உட்காருங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இந்த இரண்டையும் அடியுங்கள்.

```
net localgroup administrators
net use
```

முதல் வரி, அந்தக் கணினியில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை யார் யாருக்கு என்று காட்டும். அதில் அந்தத் தம்பியின் பெயர் இருந்தால் முதல் கடை உங்களுடையது. இரண்டாவது வரி, எந்தெந்தப் பொது ஃபோல்டர்கள் இணைந்திருக்கின்றன என்று காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே ஒரு வெற்று ஃபைலை உருவாக்கி அழித்துப் பாருங்கள். அவர் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஃபோல்டரில் அது முடிகிறதென்றால், திருடனுக்கும் முடியும். சம்பள ஃபோல்டர் திறந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம், பல இடங்களில் திறக்கிறது. தம்பியைக் கோபிக்கவும் வேண்டாம். அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கும்.

பிறகு கணினிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியது, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு எல்லாக் கணினிக்கும் ஒன்றா என்று. "ஞாபகம் வைக்க வசதி சார்" என்பார். கணினிகளை டொமைனில் சேர்த்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை விண்டோஸே உருவாக்கி அவ்வப்போது மாற்றிக்கொள்ளும் LAPS என்ற வசதி இருக்கிறது. அதற்கெனத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. டொமைன் இல்லாத சின்னக் கடையென்றால் நோட்டில் ஆறு பாஸ்வேர்டை எழுதி லாக்கரில் வைப்பதே போதும். பாதுகாப்புக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஒரே பாஸ்வேர்டைவிட அது எவ்வளவோ மேல்.

முதலாளிகளான உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு ஒன்று சொல்கிறேன். கடையின் மிகப் பெரிய சேத வட்டம் பெரும்பாலும் உங்களுடையதுதான். "என் கடை, எனக்கு எல்லாம் திறக்க வேண்டும்" என்று டேலி முதல் சர்வர் வரை முழு உரிமையும் வாங்கிக்கொண்டு, அதே லாகினில் வாட்ஸ்அப் வெப்பும் கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்பும் திறக்கிறீர்கள். தினசரி வேலைக்குச் சாதாரண லாகின் ஒன்று, அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்குத் தனி லாகின் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவதைப் போட வேண்டிய நாள் மாதத்தில் ஒன்றோ இரண்டோதான் வரும். அந்த லாகினில் மெயில் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டு வாசகருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். அவர் அந்த இரண்டு வரிகளை அடித்துப் பார்த்து வந்ததை அனுப்பினால், பெயர் ஊர் நீக்கி அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்