இடப்பக்கப் பல்லைக் காணோம்



ஆவடியிலிருந்து நம் வாசகி ஒருவர் மகனின் பள்ளிப் புகைப்படங்கள் இரண்டை அனுப்பியிருந்தார். ஒன்று இரண்டாம் வகுப்பில் எடுத்தது, மற்றொன்று ஓராண்டு கழித்து மூன்றாம் வகுப்பில் எடுத்தது. இரண்டிலும் பையன் வாய் நிறையச் சிரிக்கிறான். முதல் படத்தில் மேல் வரிசையில் வலப்பக்கத்துப் பெரிய முன்பல் பாதி இறங்கியிருக்கிறது, அதன் ஜோடியான இடப்பக்கத்தில் சின்னப் பால் பல் நிற்கிறது. அடுத்த படத்தில் வலப்பக்கப் பல் முழுதாக இறங்கிவிட்டது. இடப்பக்கத்தில் அதே பால் பல், ஆட்டம்கூட இல்லாமல். அதற்கு அடுத்த பல்லோ புதிதாக முளைத்துவிட்டிருக்கிறது.

“இவங்க அப்பாவுக்கும் லேட்டாத்தான் விழுந்துச்சுன்னு எங்க அத்தை சொல்றாங்க. காத்திருக்கட்டுமாக்கா?” என்று கேட்டிருந்தார்.

அத்தை சொன்னதில் பொய் இல்லை. பல் முளைக்கும் காலம் குடும்பத்தில் இறங்கி வரும் விஷயம்தான். ஆனால் பரம்பரைத் தாமதம் வலது, இடது என்று பார்த்து வருவதில்லை. அப்பாவைப் போல மகனுக்கும் தாமதம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்தே தாமதமாகும். ஒரு பக்கம் முளைத்து, மறுபக்கம் ஆறு மாதம் கடந்தும் வராவிட்டால் காரணம் அந்த இடத்திலேயே இருக்கிறது என்று பொருள். இன்னொரு அடையாளமும் அந்தப் படத்தில் இருந்தது. மேல் வரிசையில் நடுப்பல் 7 முதல் 8 வயதுக்குள் வரும், அதன் பக்கத்துப் பல் 8 முதல் 9-க்குள். பக்கத்துப் பல் நடுப்பல்லை முந்திக்கொண்டு வந்தால் வரிசை மாறிவிட்டது. வயதுக் கணக்கில் ஒரு வருடம் முன்பின் ஆவது பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஜோடியும் வரிசையும் தப்பினால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

அவரை உடனே குழந்தைகள் பல் மருத்துவரிடம் போகச் சொன்னேன். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, “ரெண்டு மூணு வயசுல எங்கயாவது கீழ விழுந்து முன்பல்லுல அடிபட்டுச்சா?” என்பது. பால் பல்லின் வேருக்குப் பின்னால்தான் நிலைப்பல்லின் குருத்து உட்கார்ந்திருக்கிறது. அடி உள்ளே இறங்கினால் குருத்து வளைந்து வளரும், பல் வெளியே வர வழி தெரியாமல் நின்றுவிடும். இவனுக்கு அப்படி அடி எதுவும் இல்லை. ஈறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கோணத்தை மாற்றி இரண்டு சிறிய எக்ஸ்ரே எடுத்தார். ஒரே கோணத்தில் எடுத்தால் தடை முன்னால் இருக்கிறதா, அண்ணத்துப் பக்கம் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டு முன்பற்களுக்கு நடுவே, அண்ணத்துப் பக்கம், கூம்பு வடிவத்தில் ஒரு குட்டிப் பல் கிடந்தது. கணக்கில் இல்லாத உபரிப் பல். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம் காணப்படுகிறது. இடப்பக்கத்து நிலைப்பல் அதற்கு மேலே நல்லபடியாகவே இருந்தது, ஆனால் இறங்க முடியவில்லை. அதன் வேர் இன்னும் வளர்ந்து முடியவில்லை என்றும் படத்தில் தெரிந்தது. இது பெரிய ஆறுதல். வேர் வளரும் காலத்தில்தான் பல்லுக்குத் தானாக இறங்கும் வேகம் இருக்கும். வேர் முடிந்துவிட்டால் அந்த வேகம் குறைகிறது, அதற்குள் பக்கத்துப் பற்களும் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு ஈறைத் திறந்து, பல்லில் கம்பி ஒட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். “பத்து வயசு வரைக்கும் பார்ப்போம்” என்று விடுவதில் உள்ள நஷ்டம் இதுதான்.

கைக்குழந்தைகளின் கதை வேறு. அங்கே ஜோடியைவிட மொத்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும். கீழ் நடுப்பல் பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் வரும். முதல் பிறந்தநாளுக்குப் பொக்கை வாயோடு கேக் வெட்டும் குழந்தைகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அந்த மாதங்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பயம் பூந்தமல்லி, அம்பத்தூர் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மேலே முதலில் வருவது சிறிய வரிசை மாற்றம், அவ்வளவுதான், மாமா நிம்மதியாக இருக்கலாம். பல் முளைக்கும்போது எச்சில் வடியும், கையில் கிடைத்ததைக் கடிக்கும். 100.4 டிகிரியைத் தாண்டிய காய்ச்சலையும் ஓயாத பேதியையும் மட்டும் பல்லின் மேல் போடாதீர்கள். அவற்றுக்கு வேறு காரணம் இருக்கும்.

ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் பல்லை மட்டும் பார்க்க மாட்டார். மலச்சிக்கல், மந்தம், வளர்ச்சிக் குறைவு இருந்தால் தைராய்டு சோதிப்பார். மணிக்கட்டு தடித்து, கால் வளைந்திருந்தால் வைட்டமின் டி குறைவை நினைப்பார். இன்னொன்றை நம் ஊர் வெயிலில் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பல் குருத்துகளோடு வியர்வைச் சுரப்பிகளும் சரியாக உருவாகியிருக்காது. தலைமுடி மெலிந்திருக்கும், பல் வராது, வந்தால் கூராக இருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வீடே வியர்வையில் நனையும்போது அந்தக் குழந்தையின் உடம்பு மட்டும் காய்ந்து, அனலாய்க் கொதிக்கும். அதைச் சாதாரணக் காய்ச்சல் என்று போர்த்திவிடக் கூடாது. ஈரத்துணியால் துடைத்துக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

பயப்படத் தேவையில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகக் கடிதம் இதற்குத்தான் வருகிறது. ஆறு வயதில் கீழ்ப் பால் பல் விழுவதற்கு முன்பே அதன் பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்து, இரண்டு வரிசையாகத் தெரியும். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். அது விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். இரண்டு மூன்று மாதமாகியும் ஆடவே இல்லை என்றால் காட்டுங்கள்.

எங்கே காட்டுவது என்றும் கேட்கிறீர்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது அரசு பல் மருத்துவக் கல்லூரி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருப்பவர்களுக்கு வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி பக்கம். போகும்போது குழந்தையின் பழைய படங்களைக் கையில் கொண்டுபோங்கள். எந்தப் பல் எப்போது வந்தது என்பது அம்மாவின் ஞாபகத்தைவிடப் படத்தில் துல்லியமாக இருக்கும்.

ஆவடிப் பையனுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு உபரிப் பல்லையும் பால் பல்லையும் எடுத்தார்கள். இடம் மூடிவிடாமல் இருக்கக் கழற்றி மாட்டும் சிறு தகடு ஒன்று கொடுத்தார்கள். “தானா வர்றதுக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகலாம். வரலைன்னா கம்பி போடுவோம்” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க் காட்டி வந்தார்கள். பதினோராவது மாதம் அந்த அம்மா மறுபடி அழைத்தார், குரலில் பதற்றம்.

“அக்கா, பல்லு வந்துடுச்சு. ஆனா நுனி ரம்பம் மாதிரி மூணு மேடா இருக்கே?”

புதிதாக முளைக்கும் முன்பல்லின் நுனி எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் இருக்கும், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் கடித்துக் கடித்து அது தானாகச் சமமாகிவிடும் என்றேன். போனை வாங்கிய பையன், “அப்போ இன்னிக்கே கரும்பு கடிக்கலாமா?” என்று கேட்டான். முழுசாக இறங்கட்டும் கண்ணா என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்