நானூற்றால் பெருக்கும்போது

திண்டிவனம், விக்கிரவாண்டிப் பக்கம் நிலக்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களின் பெயரில் உள்ள டி.எம்.வி. என்ற எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. அந்தக் கடலை ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைந்தது என்று அரசு கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். குலுக்கல் முறையில் தேர்ந்த வயலில், குலுக்கல் எண்படி ஒரு புள்ளியைத் தென்மேற்கு மூலையாக வைத்து முளை அடிப்பார்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே நிற்கும் செடிகளை மட்டும் பிடுங்கி, காய் ஆய்ந்து, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் நானூற்றில் ஒரு பங்கு. கிடைத்த எடையை 400ஆல் பெருக்கினால் மகசூல்.

அந்த 400 காயை மட்டும் பெருக்குவதில்லை, பிழையையும் சேர்த்தே பெருக்குகிறது. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு உண்டா இல்லையா என்பது இந்த எண்ணை நம்பி நிற்பதால், அதன் எல்லைகள் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். உலர்ந்த காயின் எடை 4.80 கிலோ, தராசு 50 கிராம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். பக்கம் 5 மீட்டர், கயிறும் முளையும் சேர்ந்து 2 செ.மீ. வரை முன்பின் ஆகலாம். பெருக்கிப் பார்த்தால் 1,920 கிலோ. இனி எல்லை. மகசூல் என்பது எடையைப் பரப்பால் வகுத்த ஈவு. மேலே இருக்கும் எண் கூடினால் ஈவு கூடும், கீழே இருக்கும் எண் கூடினால் குறையும். ஆகவே மிகப் பெரிய ஈவு வேண்டுமென்றால் பெரிய எடையைச் சிறிய பரப்பால் வகுக்க வேண்டும். மிகச் சிறியதற்கு நேர்மாறு. பெரியதைப் பெரியதாலும் சிறியதைச் சிறியதாலும் வகுத்துவிட்டு, இரண்டும் அருகருகே வருவதைப் பார்த்துப் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். அது எல்லையே இல்லை.

பரப்பு ஒரு பெருக்கல். சிறியது 4.98 × 4.98, அதாவது 24.80 சதுர மீட்டர். பெரியது 5.02 × 5.02, அதாவது 25.20. இப்போது 4.75 கிலோவை 25.20ஆல் வகுத்தால் ஹெக்டேருக்கு 1,884.9 கிலோ, 4.85 கிலோவை 24.80ஆல் வகுத்தால் 1,955.6. முழு எண்ணாக எழுதும்போது கீழ் எல்லையைக் கீழே தள்ளி 1,884 என்றும், மேல் எல்லையை மேலே தள்ளி 1,956 என்றும் எழுத வேண்டும். வழக்கம்போல அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றி 1,885 என்று எழுதினால், உண்மை வெளியே விழ ஒரு சந்து விட்டதாகிவிடும்.

அந்த வட்டாரத்துக்கு உத்தரவாத மகசூல் 1,950 என்று வைத்தால், 1,920 அதற்குக் கீழே இருப்பதாகத் தெரியும். ஆனால் இந்த ஒரு சதுரத்தை மட்டும் கேட்டால், கீழே என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, மேலே என்றும் சொல்ல முடியாது. நடைமுறையில் பல வயல்களின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். தராசு ஒரு வயலில் கூட்டியும் இன்னொன்றில் குறைத்தும் காட்டினால் சராசரியில் அது ஓரளவு அடிபட்டுப் போகும். ஒரே இழுபட்ட கயிறு ஊர் ஊராகப் போனால் அடிபடாது. வயலுக்கு வயல் விளைச்சலில் உள்ள வேறுபாடும் இந்த எல்லைக்குள் அடங்காது. அது வேறு கணக்கு.

பள்ளியில் ஒரு குறுக்குவழி சொல்லித் தந்திருப்பார்கள்: பெருக்கலிலும் வகுத்தலிலும் சதவீதப் பிழைகளைக் கூட்டு. எடையில் 1.04 சதவீதம், இரண்டு பக்கத்துக்கும் 0.4 வீதம் 0.8. மொத்தம் 1.84 சதவீதம், 1,920க்கு ஏறக்குறைய 35 கிலோ. முழுக் கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. பிழை சிறிதாக இருக்கும்வரை ஒத்துப்போகும்.

சதுரத்தைச் சுருக்கிப் பாருங்கள், கதை மாறும். உழைப்பு மிச்சம் என்று 1 மீட்டருக்கு 1 மீட்டர் எடுத்தால், அதே விளைச்சலில் 192 கிராம் காய் கிடைக்கும். கயிற்றின் 2 செ.மீ. சதுரத்தோடு சேர்ந்து சுருங்காது. பரப்பு 0.9604 முதல் 1.0404 வரை போகும், இரண்டு பக்கமும் 4 சதவீதம். அதே தராசையும் வைத்திருந்தால் எல்லைகள் ஹெக்டேருக்கு 1,364 கிலோவும் 2,520 கிலோவும். குறுக்குவழியோ 30 சதவீதம் என்று சொல்லி 2,497இல் நின்றுவிடும். உண்மையான மேல் எல்லை அதைத் தாண்டி நிற்கிறது. நல்ல தராசு வாங்கி எடைப் பிழையைக் குறைக்கலாம். ஓரத்துச் செடி உள்ளேயா வெளியேயா என்ற குழப்பத்தைத் தராசு தீர்க்காது.

1940களில் நம் நாட்டுப் புள்ளியியலில் இதைப் பற்றிப் பெரிய வாதமே நடந்தது. வங்காளத்தில் மகலனோபிஸ் சிறு துண்டுகளை அறுத்து மதிப்பிட்டார். பி.வி.சுகாத்மே, சிறு துண்டு விளைச்சலைக் கூட்டியே காட்டும் என்றார். அறுப்பவரின் கை ஓரத்துச் செடியை உள்ளே சேர்க்கத்தான் சாயும். சிறு துண்டில் பரப்போடு ஒப்பிட்டால் ஓரம்தான் அதிகம். மேலே நாம் போட்ட எல்லைகள் இந்தச் சாய்வைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். சொல்லப்பட்ட பிழை வரம்புக்குத்தான் எல்லை உத்தரவாதம். சொல்லாத பிழைக்கு அது பொறுப்பேற்காது.

சொல்லாத பிழைக்கு இன்னொரு உதாரணம் மூலை. நான்கு பக்கமும் சரியாக 5 மீட்டர் இருந்தும் சதுரம் சாய்ந்திருக்கலாம். அதனால்தான் மூலைவிட்டத்தை 7.07 மீட்டர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு மூலை 85 பாகைக்குச் சாய்ந்தால் மூலைவிட்டம் 30 செ.மீ. அளவுக்கு மாறிவிடும். பரப்போ 0.4 சதவீதம்தான் குறையும். ஆனால் குறைய மட்டும்தான் செய்யும், ஒருபோதும் கூடாது. 25ஆல் வகுத்தால் மகசூல் எப்போதும் குறைவாகவே தெரியும்.

கடைசியாக, கடலை விற்கும் இடத்துக்கு வருவோம். காயை உடைத்துப் பருப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். உடைத்த மாதிரியில் பருப்பு 142 கிராம், தோல் 58 கிராம், இரண்டிலும் பிழை 1 கிராம் என்று கொள்வோம். பருப்பு 71 சதவீதம். எல்லை? பெரிய பருப்பு 143, சிறிய மொத்தம் 141ம் 57ம் சேர்ந்த 198, வகுத்தால் 72.2. மறுபக்கம் 141ஐ 202ஆல் வகுத்தால் 69.8. விதிப்படி சரிதான். ஆனால் ஒரே பருப்பு மேலே 143 ஆகவும் கீழே 141 ஆகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா? பருப்பு இரண்டு இடத்திலும் வருகிறது, இரண்டிலும் அது ஒரே எடை. பெரிய பருப்பு, சிறிய தோல் என்று எடுத்தால் 143ஐ 200ஆல் வகுத்து 71.5. சிறிய பருப்பு, பெரிய தோல் என்றால் 141ஐ 200ஆல் வகுத்து 70.5. அகலம் 2.4இலிருந்து 1 சதவீதப் புள்ளியாகச் சுருங்குகிறது. முதல் விடை தவறு என்று சொல்ல முடியாது, உண்மை அதற்குள்ளும் இருக்கிறது. ஆனால் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் விலை குறைப்பேன் என்று சொல்லும் வியாபாரிக்கு, முதல் கணக்கு பேரம் பேச இடம் கொடுக்கிறது. இரண்டாவது கணக்கு கொடுப்பதில்லை.