சலவை சேவையை நிறுத்தப் போறீங்களா? ஒரு நாள் தள்ளிப் போனா ஒரு மாசக் காசு போகும்!

மாசா மாசம் காசு கட்டுற சலவை சேவையோ, வீடு கிளீனிங் சேவையோ இனி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா நம்மில் பலர் என்ன செய்றோம்? ஆட்டோபேயை கேன்சல் பண்ணுவோம், போனை எடுக்காம விடுவோம். என்னைக் கேட்டா, காசைக் கோட்டை விடுறதுக்கு இதைவிட சுலபமான வழி இல்லை. ஆட்டோபே என்பது பணம் போகிற வழி மட்டும்தான். அதை அடைத்தாலும் ஒப்பந்தம் முடியாது, பில் ஏறிக்கிட்டே இருக்கும். டெபாசிட்டும் அவங்க கையிலதான் இருக்கும்.

ஒப்பந்தத்தை முடிப்பது ஒரு கடிதம். அதுல நாலு வரி இருந்தா போதும், ஆனா தேதி சரியா இருக்கணும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். திண்டிவனம் - புதுச்சேரி ரோட்டுல இருக்கிற கிளியனூர்ல ஒரு அப்பார்ட்மென்ட்வாசி. புதுச்சேரியிலிருந்து வண்டி வந்து துணி எடுத்துப் போகுது. மாசம் 1,500 ரூபாய், அடுத்த மாசம் 5-ம் தேதிக்குள்ள கட்டணும். டெபாசிட் 1,000 ரூபாய். ஒப்பந்தத்துல ரெண்டு நிபந்தனை: 30 நாள் நோட்டீஸ் தரணும்; நோட்டீஸ் எந்த மாசத்துல முடியுதோ, அந்த மாசக் கட்டணம் முழுசா உண்டு.

நோட்டீஸ் கொடுக்கிற நாளை பொதுவா கணக்குல சேர்க்க மாட்டாங்க. மறுநாள்தான் முதல் நாள். மே 31-ம் தேதி கொடுத்தா 30-வது நாள் ஜூன் 30. ஜூன் கட்டணத்தோட கதை முடிஞ்சது. அதையே ஜூன் 1-ம் தேதி கொடுத்தா 30-வது நாள் ஜூலை 1. அந்த ஒரு நாளுக்காக ஜூலை முழுசுக்கும் 1,500 ரூபாய் கட்டணும்! அதனால மாசக் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க, ரெண்டு மூணு நாள் முன்னாடியே கொடுத்துடுங்க. தபால்ல அனுப்பினா, அவங்க கைக்குப் போய்ச் சேர்ற நாளையும் கணக்குல வச்சுக்கோங்க.

கடிதம் இப்படி இருக்கலாம்:

நாள்: மே 29
பொருள்: மாதாந்திர சலவை சேவையை நிறுத்துதல்

ஐயா, வணக்கம். கிளியனூரில் உள்ள எங்கள் பிளாட்டுக்குத் தாங்கள் அளித்துவரும் மாதாந்திர சலவை சேவையை நிறுத்திக்கொள்கிறேன். ஒப்பந்தப்படியான 30 நாள் நோட்டீஸாக இக்கடிதத்தை ஏற்கவும். சேவையின் கடைசி நாள் ஜூன் 30. கடைசியாகத் துணி எடுக்கும் நாள் ஜூன் 25; எல்லாத் துணிகளையும் ஜூன் 29-க்குள் திருப்பித் தரவும். ஜூன் மாதக் கட்டணம் ரூ.1,500-ல் டெபாசிட் ரூ.1,000-ஐக் கழித்து, மீதி ரூ.500-ஐ ஜூலை 5-ம் தேதி செலுத்திவிடுகிறேன். அதன்பின் பாக்கி ஏதும் இல்லை என எழுத்தில் உறுதிசெய்யவும்.

இதுல காரணமே சொல்லலை, கவனிச்சீங்களா? ஒப்பந்தம் கேட்டாலொழிய சொல்லத் தேவையில்லை. காரணம் சொன்னா, 'அதைச் சரி பண்ணிடறோம் சார்'னு பேச்சு நீளும், தேதி நழுவும். துணி திரும்பும் தேதியை கட்டணத் தேதிக்கு முன்னாடி வச்சதுக்கும் காரணம் இருக்கு. கடைசி மூட்டையிலதான் ஒரு பட்டு வேட்டி காணாமப் போகும். காசு முழுசா கைமாறின பிறகு கேட்டா பதில் வராது. டெபாசிட்டைக் கழிக்க அவங்க சம்மதிக்கலைன்னா, 1,500 கட்டிட்டு 1,000 எந்தத் தேதியில திரும்ப வரும்னு எழுதி வாங்குங்க.

கடிதத்தை மெயில்ல அனுப்புங்க, இல்லைன்னா நேரில் கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்குங்க. கடைசிக் கட்டணம் போனதும் யூபிஐ ஆப்ல அந்த ஆட்டோபேயை நீங்களே ரத்து பண்ணுங்க. அவங்க பண்ணுவாங்கன்னு விட்டுடாதீங்க. பாதியில நிறுத்தினதுக்கு நியாயமில்லாத அபராதம் கேட்டாலோ, டெபாசிட்டை இழுத்தடிச்சாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் சொல்லலாம்.

இவ்வளவு கறாரும் கம்பெனிகிட்டதான். வீட்டுக்கு வந்து பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கும், தெருமுனையில இஸ்திரி போடுற அண்ணனுக்கும் கணக்கு நேர்மாறா வரணும். அவங்க கையில ஒப்பந்தமும் இல்லை, நம்ம டெபாசிட்டும் இல்லை. நாளையிலிருந்து வேண்டாம்னா, அந்த மாச வருமானத்துல ஒரு ஓட்டை விழுது. கடிதம் வேண்டாம், ஒரு மாசம் முன்னாடி நேர்ல சொல்லுங்க. முடியலைன்னா ஒரு மாசச் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுங்க. அதுவும் கடைசி நாளன்னிக்கே, கையில. கம்பெனிகிட்ட மிச்சம் பிடிச்ச அந்த 1,500 ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியலை.