ஒன்றரை மணிக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது?

வத்தளை, மாபோலைப் பக்கம் புதிதாகக் குடியேறும் பல குடும்பங்களில் வாப்பாவும் உம்மாவும் கொழும்புக்கு வேலைக்குப் போகின்றனர். பாடசாலை ஒன்றரை மணியளவில் விடுகிறது. நீர்கொழும்பு வீதி நெரிசலைத் தாண்டி பெற்றோர் வீடு வந்து சேர ஆறரையாகிறது. இடைப்பட்ட அந்த ஐந்து மணித்தியாலத்தில் ஒரு வியாபாரம் இருக்கிறது.

எமது பகுதிச் சகோதரி ஒருவர் இதை ஆரம்பித்து எட்டு மாதத்தில் மூடிவிட்டார். கணக்குக் கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பதினைந்து பிள்ளைகள் இருந்தும் நட்டம்.

முதற் பிழை வாடகை. மாலை நேரத் தொழிலுக்கு முழு வீட்டை 60,000 ரூபாவுக்கு எடுத்திருந்தார். அதே வீதியில் ஒரு பாலர் பாடசாலை நண்பகலோடு காலியாகிறது. சிறு கதிரை, மலசலகூடம், மதில் எல்லாம் அங்கே தயார். அரை நாளுக்கு 20,000 பேசினால் கணக்கே மாறியிருக்கும்.

பிள்ளைக்கு 9,000 வீதம் பதினைந்து பேருக்கு 135,000 வருமானம். இரண்டு ஆயாமாருக்கு 35,000 வீதம் சம்பளம். சேமலாப நிதி, நம்பிக்கை நிதிக்கான எமது 15 சதவீதத்தோடு 80,500. தேநீர், சிற்றுண்டி ஏறத்தாழ 20,000. தண்ணீர், மின்சாரம் 8,000. பாலர் பாடசாலை வாடகையோடு செலவு 128,500. கையில் மிஞ்சுவது 6,500தான். ஆனால் அதே இரு ஆயாமார் இருபது பிள்ளைகளைப் பார்க்கலாம். பதினாறாவது பிள்ளையிலிருந்துதான் சொல்லத்தக்க இலாபம் வருகிறது.

இரண்டாவது பிழை, "தங்கச்சியையும் வைத்துக்கொள்ளுங்களேன்" என்று கேட்ட உம்மாமாருக்காகக் கைக்குழந்தைகளையும் சேர்த்தது. பாடசாலைப் பிள்ளைகள் பத்துப் பேரை ஒருவர் பார்க்கலாம். கைக்குழந்தை மூன்றுக்கே ஒருவர் வேண்டும். எமது 15 சதவீதத்தோடு ஆயாவின் சம்பளச் செலவு மட்டுமே குழந்தைக்கு 13,000ஐத் தாண்டும். அவர் வாங்கியதோ அதே 9,000. ஓர் ஆயா குழந்தைகளோடு முடங்க, பெரிய பிள்ளைகள் கவனிப்பாரற்றுப் போயினர்.

மூன்றாவது, முகதாட்சண்யம். ஆறரைக்கு வரவேண்டியவர்கள் ஏழே காலுக்கு வந்தார்கள். சகோதரி ஒரு சதமும் மேலதிகமாகக் கேட்கவில்லை. ஆயாவுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. இரண்டு மாதம் பொறுத்தார். மூன்றாம் மாதம் நின்றுவிட்டார். அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று முதல் நாளே எழுதி ஒப்பமிட வைத்து, அந்தப் பணத்தை ஆயாவின் கையிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளிலும் அவர் பணம் கேட்கவில்லை, சம்பளமோ நிற்கவில்லை. பெற்றோர் செலுத்துவது பிள்ளையின் இடத்துக்கான மாதக் கட்டணம், வந்த நாட்களுக்கானதல்ல என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

சகோதரி மூடிய மறுவாரம் அந்தப் பிள்ளைகள் சிலரை என் கடை வாசலில் பாடசாலைப் பையுடன் கண்டேன். ஆறரை வரை அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. பாலர் பாடசாலை நடத்துவோர் யாராவது இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.