ஐந்து கட்டைச் சுருதியும் ஆல்ட்டோ என்ற ஊகமும்

பாலராமபுரம் முதல் பாறசாலை வரையுள்ள ஆலயங்களில் கேரலுக்கு ஆள் சேர்க்கும்போது, வந்தவரைத் தெரிந்த பாட்டொன்றைப் பாடச் சொல்கிறோம். இரண்டு வரி கேட்டதும் 'ஆல்ட்டோ', 'பேஸ்' என்று வரிசை பிரித்து விடுகிறோம். கர்நாடக இசை பயின்றவர் வரும்போது இந்த ஊகம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது.

ஐந்து கட்டையில் பாடும் இளம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவருடைய மத்திய ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 147, தார பஞ்சமம் 588. கீர்த்தனைகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் உலவும். நம் பாமாலைகளில் ஆல்ட்டோ வரி நடமாடும் இடமும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நெஞ்சுக்குரலில் பாடிப் பழகியதால் ஓசையும் கனமாக இருக்கும். ஆல்ட்டோ என்று காது தீர்மானிப்பதில் வியப்பில்லை. ஆனால் குரல் தானாக நிறம் மாறும் மேல்திருப்பம் ஆல்ட்டோவுக்குச் சுமார் 590 முதல் 660 ஹெர்ட்ஸிலும், சொப்ரானோவுக்குச் சுமார் 740 ஹெர்ட்ஸிலும் வரும். அவர் பாடிய பாட்டு அந்த இடங்களுக்குப் போகவே இல்லை. நாம் கேட்டறிந்தது அவருடைய சுருதியைத்தான், குரல்வகையை அல்ல.

ஆண்களிடமும் இதே கதைதான். ஒரு கட்டையில் பாடுபவர் தார காந்தாரத்தோடு இறங்கிவிட்டால் 330 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறார். டெனாரின் திருப்பம் 390 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அதைக் கேட்காமலே, கீழ்ஸ்தாயியின் கனத்தை நம்பி அவரை பேஸ் வரிசைக்கு அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே பாட்டைக் கேட்டபின் ஆர்மோனியத்தையோ கீபோர்டையோ திறப்போம். பேசும் குரலுக்குச் சற்று மேலே தொடங்கி, ஐந்து ஸ்வர ஏற்ற இறக்கத்தை 'ஆ' என்றும் பிறகு 'ஊ' என்றும் பாடவைத்து, அரைஸ்வரம் அரைஸ்வரமாக உயர்த்துவோம். ஓசை மெலியும் இடத்தை, அல்லது தாடை உயர்ந்து கழுத்து இறுகும் இடத்தைக் குறித்துக்கொள்வோம். பிறகு கீழே இறங்கி, மூச்சுக் கலக்காமல் வார்த்தை தெளிவாகக் கேட்கும் கடைசி ஸ்வரத்தையும் குறிப்போம். எட்டிப்பிடித்த உச்சியைவிட, களைப்பில்லாமல் நெடுநேரம் நிற்கக்கூடிய பகுதிதான் வரிசையைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் சோதனையும் ஒரு நாளில் முடிவதில்லை. நெஞ்சுக்குரலை விடத் தெரியாதவர், சொப்ரானோவாக இருந்தாலும் 500 ஹெர்ட்ஸுக்கு முன்பே இறுகிப்போவார். அது பழக்கத்தின் எல்லை. மெல்லிய 'ஊ'வில் அதைத் தாண்டிச் சுலபமாக ஏறினால் சில வாரப் பயிற்சிக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு வரிசையை நிரந்தரமாக்கவே கூடாது.

தவறாக வைத்துவிட்டோமா என்பதை ஒத்திகையே காட்டும். ஆல்ட்டோவில் உட்கார்ந்த சொப்ரானோவின் கீழ்ஸ்வரங்கள் காற்றாகிச் சுருதி இறங்கும். முடிந்தபின் பேச்சுக்குரலும் கம்மும். அப்போது பாடகரைக் குறை சொல்லாமல் வரிசையை மாற்றுவதே கொயர் மாஸ்டரின் வேலை.