ஆறு விழுக்காடு தள்ளுபடி யாருக்கு லாபம்?

மைசூரு என்றதும் பட்டும் சந்தனமும் நினைவுக்கு வருவதைப் போலவே ஊதுபத்தியும் நினைவுக்கு வரும். புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தொழிலில் பெரிய நிறுவனங்களோடு, வீட்டையொட்டிய கூடங்களில் இயங்கும் சிறு உற்பத்தியாளர்களும் இருக்கின்றனர். தசரா, தீபாவளி விற்பனைக்கு ஆயத்தமாகும் மே, ஜூன் மாதங்களில் அவர்களிடம் மூங்கில் குச்சி வியாபாரி ஒரு சலுகையோடு வருவதுண்டு. "ஆறு மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் ரொக்கத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், ஆறு விழுக்காடு குறைத்துத் தருகிறேன்" என்பார். இதை ஏற்பதா, மறுப்பதா? பலர் தள்ளுபடித் தொகையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். மிச்சமாகும் பணத்தை இன்றைய மதிப்பில் கணக்கிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து.

இன்றைய மதிப்பு என்பது கடினமான கருத்தன்று. மாதம் ஒரு விழுக்காடு வட்டி என்றால், அடுத்த மாதம் கொடுக்க வேண்டிய 101 ரூபாய்க்கு இன்று 100 ரூபாய் ஒதுக்கினால் போதும். எனவே தள்ளிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் இன்று கொடுக்கும் ரூபாயைவிடச் சற்று மலிவானது. மொத்தக் கொள்முதலில் நாம் இழப்பது இந்த மலிவைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு

மாதம் 1,000 கிலோ குச்சி தேவைப்படும் ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, கிலோ விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக மாதந்தோறும் சரக்கு வருகிறது; பணம் கொடுக்க ஒரு மாதத் தவணை உண்டு. வங்கியின் ரொக்கக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு, அதாவது மாதம் ஒரு விழுக்காடு வட்டி.

மொத்தமாக வாங்கினால் இன்றே 5,64,000 ரூபாய் கொடுக்க வேண்டும். ஆறு லட்சத்தில் 36,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் மாதந்தோறும் வாங்கினால், ஒரு லட்சம் வீதம் முதல் மாத முடிவிலிருந்து ஆறாம் மாத முடிவு வரை கொடுத்தால் போதும். அந்த ஆறு தவணைகளின் இன்றைய மதிப்பு 5,79,548 ரூபாய். ஆகவே உண்மையான மிச்சம் 15,548 ரூபாய் மட்டுமே. மீதி இருபதாயிரத்துச் சொச்சம் வட்டியிலேயே கரைந்துவிட்டது.

இதை மனக்கணக்காகவும் போடலாம். மாதந்தோறும் கொடுக்கும் பணம் சராசரியாக மூன்றரை மாதம் கழித்தே கைவிட்டுப் போகிறது. மூன்றரை மாதத்துக்கு மாதம் ஒரு விழுக்காடு என்றால் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. தள்ளுபடி அதற்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டியதில்லை. மேலே இருந்தால், அந்த மேல்மிச்சத்தில்தான் மற்றச் செலவுகள் அடங்க வேண்டும்.

அந்தச் செலவுகளுள் முதலாவது இடம். ஆறு டன் குச்சியை வைக்கக் கூடத்தில் இடமில்லை என்பதால் மாதம் 2,500 ரூபாய் முன்வாடகைக்குச் சிறு கிடங்கு எடுத்தால், ஆறு மாத வாடகையின் இன்றைய மதிப்பு 14,634 ரூபாய். இப்போது மிஞ்சுவது 914 ரூபாய்.

இரண்டாவது சேதம். இந்தச் சரக்கு கிடங்கில் இருக்கப்போவது மழைக்காலத்தில். ஈரக்காற்றில் மூங்கில் குச்சி பூஞ்சை பிடிக்கும். கரும்புள்ளிகளும் புழுங்கிய வாடையும் அதன் அடையாளம். கட்டுகளுக்கடியில் மாவு போன்ற மென்தூள் உதிர்ந்திருந்தால் துளைப்பான் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட குச்சி கரித்தூளும் ஜிகட் பொடியும் பூசும்போதே ஒடியும். இரண்டு விழுக்காடு, அதாவது 120 கிலோ, வீணானால் அதை மீண்டும் முழு விலைக்கு வாங்க வேண்டும். அதற்கு ஆறாம் மாத முடிவில் கொடுக்கும் 12,000 ரூபாயின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 11,300 ரூபாய். 36,000 ரூபாய் மிச்சம் என்று தொடங்கிய பேரம் பத்தாயிரம் ரூபாய் இழப்பில் முடிகிறது.

வட்டி விகிதம் எது?

இந்தக் கணக்கில் மிகுதியாகத் தவறு நேர்வது வட்டி விகிதத்தில்தான். கடன் வரம்பில் இடம் மிச்சமிருந்தால் வங்கி வட்டியைக் கொள்ளலாம். ஆனால் சரக்கிருப்பின் மதிப்பு முழுவதற்கும் வங்கி கடன் தருவதில்லை. வழக்கமான 25 விழுக்காடு மார்ஜினைக் கழித்தால், 5,64,000 ரூபாய்ச் சரக்குக்கு 4,23,000 ரூபாய்தான் எடுக்க முடியும். அதுவும் வரம்பு இடம் கொடுத்தால். மீதி 1,41,000 ரூபாயைச் சொந்தக் கையிலிருந்து போட வேண்டும். வரம்பு ஏற்கெனவே நிரம்பியிருந்தால், கூலிக்கும் நறுமண எண்ணெய்க்கும் ஒதுக்கிய பணம் குச்சிக் கட்டுகளாகிக் கிடங்கில் தூங்கும். தசரா நெருங்கும் வேளையில் அந்தக் குறையை வெளிக்கடன் வாங்கி ஈடுசெய்ய நேர்ந்தால், அந்த வெளிக்கடன் வட்டியே இக்கணக்குக்குரிய விகிதம். மாதம் இரண்டு விழுக்காடு என்று கொண்டால் ஆறு தவணைகளின் இன்றைய மதிப்பு 5,60,143 ரூபாயாகக் குறைகிறது. வாடகையும் சேதமும் சேருமுன்பே மொத்தக் கொள்முதல் நட்டம்.

அப்படியானால் சலுகையை அடியோடு மறுக்க வேண்டுமா? வேண்டாம், அளவைப் பேசலாம். மூன்று மாதச் சரக்கை ஒரு தடவையில் வாங்கி, நான்கு விழுக்காடு தள்ளுபடி கேட்கலாம். இருக்கும் இடத்திலேயே அது அடங்குமானால் வாடகை இல்லை. சரக்கு விரைவாகத் தீர்வதால் சேதமும் குறைவு. வங்கி வட்டியில் கணக்கிட்டால் ஒரு தடவைக்கு 6,099 ரூபாய் மிச்சம். ஜூனிலும் செப்டம்பரிலுமாக இருமுறை வாங்கினால் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 12,000 ரூபாய். சிறிது சேதம் கழிந்தாலும், ஆறு விழுக்காட்டைவிட நான்கு விழுக்காடே கூடுதலாகத் தருகிறது.

மொத்தமாக வாங்குவோர் சொல்லும் வலுவான காரணம் ஒன்று உண்டு: விலை ஏறிவிட்டால் என்ன செய்வது? அது வெறும் கற்பனை அச்சமன்று. 2019 ஆகஸ்டில் ஊதுபத்தி இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது; 2020 ஜூனில் மூங்கில் குச்சிக்கான இறக்குமதி வரியை 10 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்த்தியது. வரி உயர்வுக்கு முன் இறக்குமதிக் குச்சியை வாங்கி வைத்தவருக்கு அந்த வேறுபாடு கிடங்கு வாடகையைவிடப் பெரிது. ஆனால் விலையேற்றத்தை எதிர்பார்த்து வாங்குவது வேறு, தள்ளுபடிக்காக வாங்குவது வேறு. முன்னதற்குத் தெளிவான அறிகுறி வேண்டும். விலை இறங்கினால் தாங்கும் வலிமையும் வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால், தள்ளுபடியின் பெயரால் ஊகவாணிபம் செய்தவர்களாவோம்.

ஆகவே சலுகை வரும்போது வியாபாரியிடம் ஒருநாள் அவகாசம் கேளுங்கள். இழக்கும் தவணைக்காலம், பணம் உண்மையில் எந்த வட்டிக்கு வருகிறது, கூடுதல் வாடகை, சென்ற மழைக்காலத்தில் வீணான சரக்கின் எடை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் தள்ளுபடி நின்றால் வாங்குங்கள். நிற்காவிட்டால், வியாபாரியின் கிடங்கிலேயே சரக்கு இருக்கட்டும். அதைக் காப்பதற்கான செலவையும் அவரே ஏற்கட்டும்.